பெட்ஷீட் அளவு தப்பாகப் போட்டு விற்றுவிட்டோம், மன்னிப்பு மெசேஜ் எப்படி எழுதுவது? அவசரம்

கரூர்த்தறி
வணக்கம். எங்கள் பெட்ஷீட் ஒன்றுக்கு லிஸ்டிங்கில் அளவு தப்பாகப் போய்விட்டது. வாங்கியவர்கள் எல்லோருக்கும் இன்றைக்கே மெசேஜ் அனுப்ப வேண்டும். கீழே எழுதியிருப்பது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

"அன்பான வாடிக்கையாளரே, தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எங்கள் தயாரிப்பின் விவரங்களில் சிறு மாற்றம் ஏற்பட்டுள்ளது. இதனால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்களின் தொடர்ந்த ஆதரவை நாடுகிறோம். அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி."

மல்லி_ஹோம்
எந்த அளவு எந்த அளவாகப் போனது? விலையும் மாறியதா? சொந்த வெப்சைட்டா, மார்க்கெட்பிளேஸா? சரக்கு போய்விட்டதா இல்லையா? எதையும் சொல்லாமல் மெசேஜை மட்டும் பார்த்து என்ன சொல்வது தம்பி.

ஊறுகாய்க்காரம்மா
எனக்கும் இப்படி ஆனது. அரைக் கிலோ மாங்காய்த் தொக்கை கால் கிலோ விலைக்குப் போட்டுவிட்டேன். போன் செய்து மீதிப் பணம் கேட்டேன், பாதிப் பேர் கொடுத்தார்கள். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மல்லி_ஹோம்
அம்மா, அவர் பணம் கேட்கவில்லை. இவர் விஷயம் தலைகீழ் என்று நினைக்கிறேன். அவரே வந்து சொல்லட்டும்.

பழைய_பாக்கி (2014 முதல் உறுப்பினர்)
இந்த மாதிரிக் கேள்வி இங்கே மாதம் ஒன்று வருகிறது. மேலே தேடும் பெட்டி எதற்கு இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. லிஸ்டிங் போடும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தால் மன்னிப்பே கேட்க வேண்டாம். இரண்டு வரி போதும்: தவறு நடந்தது, வருந்துகிறோம். பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் அளவு சரியாக இருந்தால் உங்கள் மேல் குற்றமே இல்லை.

கரூர்த்தறி
மன்னிக்கவும், எல்லோரும் கேட்டதற்குச் சொல்கிறேன். சொந்த வெப்சைட். 90×100 அங்குலம் குயின், காட்டன், இரண்டு தலையணை உறையோடு 799 ரூபாய். அந்தப் பக்கத்தில் கிங் 108×108 என்று போய்விட்டது. சிஎஸ்வி பைலில் ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டதால் வந்த வினை. கிங்கின் நிஜ விலை 1,099. லேபிளில் 90×100 என்றுதான் இருக்கிறது. மொத்தம் 38 ஆர்டர். 14 இன்னும் கிளம்பவில்லை, 9 கூரியரில் போய்க்கொண்டிருக்கிறது, 15 கைக்குப் போய்விட்டது. பாதிக்கு மேல் கேஷ் ஆன் டெலிவரி. ஒரு அக்கா மட்டும் "கட்டிலுக்குப் பற்றவில்லை" என்று போட்டோ அனுப்பியிருக்கிறார்.

நெசவு_கணக்கு
முதலில் அந்தப் பக்கத்தை நிறுத்துங்கள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே 39ஆவது ஆர்டர் வந்துவிடும். 14 பார்சலையும் கையில் எடுத்துத் தனியாக வையுங்கள். அப்புறம் மெசேஜ்.

உங்கள் வரைவில் பெரிய குறை, என்ன தப்பு என்பதே அதில் இல்லை. வாங்கியவருக்கு "விவரங்களில் சிறு மாற்றம்" என்றால் என்ன புரியும்? அவர் கட்டிலில் விரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வரியிலேயே இரண்டு அளவையும் எண்ணில் எழுதுங்கள்.

இரண்டாவது, 38 பேருக்கும் ஒரே மெசேஜ் வேண்டாம். கிளம்பாத 14 பேருக்கு, அவர்கள் பதில் வரும்வரை அனுப்ப மாட்டோம் என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அனுப்பாதீர்கள். ஒரு தேதி சொல்லி, அதற்குள் பதில் இல்லையென்றால் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்புங்கள். வழியில் இருக்கும் 9 பேருக்கு, வாங்கிக்கொள்ளலாம் அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், கட்டணம் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். கைக்குப் போன 15 பேர்தான் முக்கியம், அவர்களுக்கு நீங்களே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும்.

பழைய_பாக்கி
லேபிள் சரியாக இருக்கிறதே, அதைத்தான் நான் சொன்னேன்.

நெசவு_கணக்கு
லேபிள் சரி என்பது எடையளவுச் சட்டத்துக்கு உதவும். வாங்கியவர் லேபிளைப் பார்த்து வாங்கவில்லை, பக்கத்தைப் பார்த்து வாங்கினார். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020இல், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக்கூடாது என்று இருக்கிறது. துவைத்தவர், பிரித்தவர் என்று பேதம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டை_பட்டன்
சட்டப்படி பார்த்தால் வெப்சைட்டில் விலை போடுவது வெறும் அழைப்புதான். ஆர்டர் போடுவதுதான் வாங்குபவரின் முன்மொழிவு. நீங்கள் ஏற்காவிட்டால் ஒப்பந்தமே இல்லை. 14 பேரையும் தாராளமாக ரத்து செய்யலாம், மன்னிப்புகூடத் தேவையில்லை.

மல்லி_ஹோம்
ஏற்கவில்லையா? பணத்தை வாங்கி "ஆர்டர் உறுதியானது" என்று மெசேஜும் போயிருக்கிறதே. இந்திய ஒப்பந்தச் சட்டம் 22ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்ததால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது.

சட்டை_பட்டன்
அது உறுதிப்படுத்தும் மெசேஜில் என்ன வாசகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் "ஆர்டர் கிடைத்தது" என்றால் ஏற்பு ஆகாது.

மல்லி_ஹோம்
பணத்தை வைத்துக்கொண்டு "கிடைத்தது, ஆனால் ஏற்கவில்லை" என்பது நியாயமா சார்?

பழைய_பாக்கி
மெசேஜ் கேட்டவருக்கு நீங்கள் இருவரும் கோர்ட் நடத்துகிறீர்கள்.

கரூர்த்தறி
நெசவு அண்ணே, கிங் சைஸ் 799க்கே தருகிறோம் என்று எல்லோருக்கும் போட்டுவிட்டால் முடிந்துவிடாதா? அடக்கம் 720 வருகிறது, கூரியர் போனால் நஷ்டம்தான், பரவாயில்லை. ஆனால் கிங் கையில் 11தான் இருக்கிறது.

நெசவு_கணக்கு
11ஐ வைத்துக்கொண்டு 38 பேருக்கு வாக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் இரண்டாவது மன்னிப்புக் கடிதம் எழுதுவீர்கள். மெசேஜில் அதைப் பொதுவாகப் போடாதீர்கள். யாராவது கேட்டால் 11 தீரும்வரை கொடுங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். திருப்பி எடுக்க பிக்கப் ஏறத்தாழ 90, போன கூரியர் போனதுதான், வந்ததும் மடித்து மறுபடி பேக்கிங். வைத்துக்கொள்கிறேன் என்பவருக்கு 150 ரூபாய் திருப்பிக் கொடுத்தாலும் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. குயினுக்கு 799 சரியான விலைதானே என்று நினைக்காதீர்கள், அவர் அந்த விலைக்கு குயின் வாங்க வரவில்லை.

வைத்துக்கொள்ளலாமா என்று அவர் முடிவு செய்ய ஒரு தகவல் தேவை, அதை யாரும் எழுதுவதில்லை. கிங் மெத்தை 72 அங்குலம் அகலம். மெத்தை 6 அங்குல உயரம் என்றால் இரண்டு பக்கமும் இறங்க 84 போகும், 90இல் பக்கத்துக்கு 3 அங்குலம் உள்ளே செருகக் கிடைக்கும். 8 அங்குல மெத்தை என்றால் பக்கத்துக்கு ஒரே அங்குலம், காலையில் நழுவிக் கிடக்கும். 10 அங்குல மெத்தைக்குப் பக்கம் மூடாது. காட்டன் முதல் அலசலில் இரண்டு மூன்று அங்குலம் சுருங்கவும் செய்யும். கட்டில் குயினாக இருந்தால் பிரச்சினையே இல்லை.

கைக்குப் போன 15 பேருக்கு நான் எழுதினால் இப்படி:

"வணக்கம். நீங்கள் வாங்கிய பெட்ஷீட் பக்கத்தில் 108×108 அங்குலம் (கிங்) என்று போட்டிருந்தோம். உங்களுக்கு வந்திருப்பது 90×100 அங்குலம் (குயின்). தவறு எங்களுடையது, மன்னிக்கவும். மெத்தை 72 அங்குல அகலமும் 6 அங்குலத்துக்கு மேல் உயரமும் இருந்தால் இந்த விரிப்பு ஓரத்தில் நிற்காது.

1: வைத்துக்கொள்கிறேன். 150 ரூபாய் திருப்பித் தருவோம்.
2: திருப்பித் தருகிறேன். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், துவைத்திருந்தாலும் சரி. கூரியர் எடுத்த அன்றே முழுப் பணமும் அனுப்புவோம்.

1 அல்லது 2 என்று மட்டும் பதில் அனுப்புங்கள். அவசரம் இல்லை. இந்த மாதம் முடியும்வரை எப்போது சொன்னாலும் சரி. ஆன்லைனில் கட்டியவர்களுக்கு அதே கணக்குக்குப் பணம் வரும். ஓடிபி, பின் எண் எதையும் கேட்க மாட்டோம், லிங்க் எதுவும் அனுப்ப மாட்டோம்."

மேலே ஆர்டர் எண்ணையும் போட்டுவிடுங்கள். 10% கூப்பனை எடுத்துவிடுங்கள், மன்னிப்பு கேட்கும் இடத்தில் அடுத்த வியாபாரம் பேசினால் எரிச்சல்தான் வரும்.

ஊறுகாய்க்காரம்மா
கேஷ் ஆன் டெலிவரி ஆட்களுக்கு எந்தக் கணக்குக்குப் பணம் போடுவார்? யுபிஐ ஐடி கேட்டால் ஏமாற்று என்று நினைத்து பிளாக் செய்துவிடுவார்கள். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது.

நெசவு_கணக்கு
நல்ல கேள்வி அம்மா. அவர்களுக்கு மெசேஜிலேயே கேட்காமல், பில்லில் இருக்கும் நம்பரிலிருந்து போன் செய்து பேசிவிட்டு அப்புறம் ஐடி வாங்கலாம். 15 பேரில் பாதி என்றால் ஏழெட்டு போன்தான். பணம் திரும்பும் ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி பில் போட்டிருந்தால் பழைய பில் எண்ணோடு கிரெடிட் நோட் போடச் சொல்லி ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

மல்லி_ஹோம்
இன்னொன்று. வாட்ஸ்அப் பிசினஸில் பிராட்காஸ்ட் போட்டால் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும். புதிதாக வாங்கியவர் யார் சேவ் செய்திருப்பார்? அனுப்பியாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள், பாதிப் பேருக்குப் போயிருக்காது. 38தானே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரே டிக்கில் நிற்பவர்களுக்கு போன்.

சட்டை_பட்டன்
"தவறு எங்களுடையது" என்று எழுத்தில் கொடுப்பது ஆபத்து. நுகர்வோர் ஆணையத்தில் அதையே காட்டுவார்கள்.

நெசவு_கணக்கு
லிஸ்டிங்கின் ஸ்க்ரீன்ஷாட்டும் லேபிளும் அவர் கையில் இருக்கும்போது நாம் மறைக்க என்ன இருக்கிறது? முழுப் பணமும் தருகிறோம் என்று எழுத்தில் இருப்பதுதான் நமக்கு அங்கே உதவும்.

சட்டை_பட்டன்
அதில் எனக்கு உடன்பாடு இல்லை. "பதிவில் பிழை" என்று மட்டும் எழுதலாம்.

பழைய_பாக்கி
கடைசியில் நான் சொன்ன இரண்டு வரியை இருபது வரி ஆக்கிவிட்டீர்கள்.

கரூர்த்தறி
எல்லோருக்கும் நன்றி. பக்கத்தை நிறுத்தியாயிற்று, நெசவு அண்ணன் எழுதியதையே மூன்று விதமாக மாற்றி அனுப்பினேன். 15 பேரில் ஒன்பது பேர் 1, மூன்று பேர் 2, மற்றவர்கள் பதில் இல்லை. போட்டோ அனுப்பிய அக்காவுக்கு கிங் கொடுத்தாயிற்று. கிளம்பாத 14இல் ஒருவர் மட்டும் "108×108ஐ 799க்கு நான்கு செட் வேண்டும், உறுதி செய்த மெசேஜ் இருக்கிறது" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

மல்லி_ஹோம்
அவர் முதலில் போட்ட ஆர்டர் எத்தனை செட்?