தீ பற்றிய அறிவிப்பு: வேறு சொல் தேவை

வணக்கம்.

பெங்களூரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஒரு சின்ன செயலி எழுதியிருக்கிறேன். அறிவிப்பின் தலைப்பு இந்த வரியிலிருந்து தானாக அமையும், %s இருக்கும் இடத்தில் நாம் தட்டும் சொல் வந்து உட்காரும்:

```
%s பற்றிய அறிவிப்பு
```

தண்ணீர், லிப்ட், பார்க்கிங் எதைப் போட்டாலும் சரியாகத்தான் வந்தது. போன வாரம் தீயணைப்பு ஒத்திகைக்காக செக்யூரிட்டி 'தீ' என்று மட்டும் தட்டிவிட்டார். எல்லோர் போனிலும் 'தீ பற்றிய அறிவிப்பு'. மூன்றாம் மாடிப் பாட்டி செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்துவிட்டார். வேறு சொல் சொல்லுங்கள்.
– கே.ஆர்.புரம் தம்பி

'குறித்த' என்று மாற்றிவிடுங்கள். பற்றி என்பது பேச்சு வழக்கு. நாளிதழ்களில் 'குறித்து'தான்.
– ஒயிட்ஃபீல்டு

நாளிதழில் குறித்து அதிகம், சரி. ஆனால் பற்றியும் நல்ல எழுத்துத் தமிழ்தான். சிக்கல் வேறு. இரண்டுமே வினையிலிருந்து வந்தவை, அந்த வினைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பற்றினால் தீ பிடிக்கிறது. குறித்தாலோ நாள், நேரம் எல்லாம் மாட்டும்: 'நேரம் குறித்த அறிவிப்பு' என்றால் நேரத்தைப் பற்றியதா, நேரம் போட்டிருக்கிற அறிவிப்பா?

'தீயைப் பற்றிய' என்று ஐ சேர்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் உங்கள் %s-இல் அதை ஒட்ட முடியாதே. லிப்ட் லிப்டை ஆகும், நேரம் நேரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும். பிறகு நடுவில் ஒரு 'ப்' வேறு வர வேண்டும். 'தொடர்பான' என்று வையுங்கள். பெயர்ச்சொல்லை அப்படியே ஏற்கும்.
– அல்சூர்

ஐயா, ரேஷன் கார்டு மாற்றத்துக்குச் சென்னைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். பொருள் என்று போட்டு முடிவில் 'சார்பு' போடலாமா?
– ஜெயநகர் அக்கா

போடலாம் அம்மா, அலுவலகக் கடிதங்களில் உண்டு. 'தொடர்பாக' என்றாலும் போதும்.
– அல்சூர்

'தொடர்பான' நீளம். போன் திரையில் பாதி தலைப்பு போய்விடும். 'அறிவிப்பு: %s' என்று வைத்தால் எந்தச் சொல்லும் வேண்டாமே?
– ஒயிட்ஃபீல்டு

'அறிவிப்பு: தீ' என்று வந்தால் பாட்டி மட்டுமா, நானும் இறங்கி ஓடுவேன்! தம்பி, 'தீ ஒத்திகை' என்று முழுசாகத் தட்டச் சொல்லுங்கள். அப்போது பற்றியகூடப் பத்திரம்தான்.
– அல்சூர்

செக்யூரிட்டி அவ்வளவு தட்ட மாட்டார், ஐயா. 'தொடர்பான' போட்டுவிட்டேன். மெனுவில் 'செயலி பற்றி' அப்படியே இருக்கிறது. அங்கே தீ வராது.

ஆனால் இன்று ஒரு புதுத் தொல்லை. வாட்ச்மேன் ஊருக்குப் போகிறார், வழியனுப்பு விழா. 'வாட்ச்மேன் தொடர்பான அறிவிப்பு' என்று போனதும் மூன்று பேர் கூப்பிட்டு, என்ன திருடினார் என்று கேட்டார்கள். ஆட்களுக்கு 'வாட்ச்மேனைப் பற்றி' என்றுதான் சொல்ல வேண்டுமோ? அப்படியானால் அந்த ஐ-யை எங்கே ஒட்டுவது?
– கே.ஆர்.புரம் தம்பி