அண்ணன் கையெழுத்து மறுக்கிறார்: பாகப்பிரிவினை வழக்குக்கு எந்தக் கோர்ட் கட்டணம்?

தர்மபுரி மாவட்டத்தில் தாத்தா வழி வந்த 2 ஏக்கர் 40 சென்ட் நிலம். அம்மா 2008-லும் அப்பா 2011-லும் இறந்தார்கள், உயில் இல்லை. இரண்டு அண்ணன்கள், அக்கா, நான். ஆளுக்கு 60 சென்ட். கிணறும் மோட்டார் சர்வீஸும் வடக்கு ஓரத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் முழுக்கத் தனக்கே வேண்டுமென்று பெரியண்ணன் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. மூவர் மட்டும் எழுதினால் அவரைக் கட்டுப்படுத்தாது.

பட்டா கூட்டாகவே இருக்கிறது. உட்பிரிவு கேட்டதற்குத் தாசில்தார் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். வக்கீல் நோட்டீஸுக்கும் பதிலில்லை.

மூன்று வருடமாக அவர்தான் உழுகிறார், குத்தகைப் பங்கு தருவதில்லை. கூட்டு அனுபவம் என்றால் நிலையான கட்டணம்; வெளியேற்றப்பட்டோம் என்றால் எங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். கூட்டுப் பட்டா இருக்கும்போது, விளைச்சல் தராததை மட்டும் வைத்து வெளியேற்றம் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளுமா?