அண்ணா தோஹாவில், ரோமிங் பெக்கேஜ் தானாகப் புதுப்பிக்கிறது: நிறுத்தச் சொல்லும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

வெள்ளவத்தைத் தம்பி

அண்ணா மார்ச் மாதம் வேலைக்குத் தோஹா போனார். இங்கத்தைய போஸ்ட்பெய்ட் சிம்மையும் கொண்டு போனார், காரணம் வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். போகிற அன்று, மார்ச் 5, ஆப்பில் ஒரு 30 நாள் ரோமிங் டேட்டா பெக்கேஜ் போட்டார், 2,950 ரூபாய். மூன்றாம் நாளே கத்தார் சிம் கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகு இந்த டேட்டாவைத் தொடவேயில்லை. ஆனால் பெக்கேஜ் ஒவ்வொரு முறையும் தானாகப் புதுப்பித்து, ஜூன் வரை வரியை விட்டுப் பார்த்தாலே 8,850 ரூபாய் வீணாகப் போயிருக்கிறது.

ஆப்பில் நிறுத்தும் பொத்தானை அமத்தினால் 'பிறகு முயற்சிக்கவும்' என்றே வருகிறது. மே மாதம் அண்ணா அழைத்துச் சொன்னபோது, அவர்கள் ரோமிங்கையே முழுதாக வெட்டிவிட்டார்கள். ஓடிபி நின்று, அந்த மாதம் வீட்டுக் கடன் தவணை பிந்தியது. திரும்ப ரோமிங் போட வைத்தோம். பெக்கேஜ் மட்டும் அசையாமல் நிற்கிறது!

நான் கிளைக்குப் போனேன், சிம் உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும் என்றார்கள். அண்ணா அனுப்பிய கடிதம் இது, சரியா?

"ஐயா, நான் வெளிநாட்டில் கஷ்டப்பட்டு உழைப்பவன். எனது சர்வதேச சேவையை ஜூலை 5ஆம் திகதி முதல் நிறுத்திவிடவும். காசைத் திருப்பித் தரவும். நன்றி."

மட்டக்குளி மச்சான்

கடிதம் எழுதி என்ன கிடைக்கும்? பில் கட்டும் வங்கிக் கார்டில் அந்தத் தானியங்கிக் கட்டணத்தை நிறுத்தச் சொல்லுங்கள், காசு போகாது. கடிதம் எழுதுவதானால் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தை முதல் வரியிலேயே போடுங்கள், பயப்படுவார்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா

எனக்கும் இதே கதை தம்பி. மகள் லண்டனில், அவளோடு கதைக்க ஐடிடி பெக்கேஜ் போட்டேன். மாதா மாதம் தானாக வெட்டினான். மெசேஜில் சொன்ன இலக்கத்துக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினேன், நின்றுவிட்டது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

பழைய பில்லிங்காரன்

அக்கா, உங்களது இங்கிருந்து வெளிநாட்டுக்கு எடுக்கும் அழைப்புக்கானது. தம்பியின் அண்ணாவோ இலங்கைச் சிம்மை வெளிநாட்டில் பாவிக்கிறார். அது வேறு.

மச்சான் சொன்னதில் பாதி சரி, கார்டை நிறுத்தினால் காசு போகாதுதான். ஆனால் பில் நிற்காது. நிலுவை ஏறி ஒரு நாள் இணைப்பே வெட்டுப்படும், அப்போது ஓடிபியும் இல்லை, நிலுவைக் கடிதமும் வீட்டுக்கு வரும். சட்ட இலக்கத்தை வாசித்துப் பயப்படும் ஆள் அந்த மேசையில் இருக்கமாட்டார். அவர் தேடுவது எந்த இலக்கத்தில், எதை, எப்போது என்பதைத்தான்.

தம்பி, உங்கள் அண்ணாவின் கடிதத்தில் ஆபத்தான சொல் 'சேவை'. கணினியில் ரோமிங் ஒரு சுவிட்ச், பெக்கேஜ் புதுப்பிப்பு இன்னொரு சுவிட்ச். 'சர்வதேச சேவையை நிறுத்து' என்று வாசிப்பவர் முதல் சுவிட்சைத்தான் அணைப்பார். மே மாதம் நடந்தது அதுவேதான். இந்தக் கடிதத்தை அப்படியே கொடுத்தால் திரும்பவும் ஓடிபி போகும்.

அடுத்தது திகதி. பெக்கேஜ் 30 நாள், ஒரு மாதம் அல்ல. மார்ச் 5க்குப் பிறகு ஏப்ரல் 4, மே 4, ஜூன் 3 என்று பின்னால் நகர்ந்து வந்திருக்கும். அடுத்தது ஜூலை 3. நீங்கள் ஜூலை 5 என்று கேட்டால், அதற்கு இரண்டு நாள் முன்னரே இன்னொரு 2,950 போய்விடும். சில பெக்கேஜ் நள்ளிரவில் புதுப்பிக்கும், சில போட்ட அதே மணிக்கு. எதுவானாலும் இலங்கை நேரம்தான் கணக்கு. நமக்கு நள்ளிரவு 12 என்றால் தோஹாவில் முதல் நாள் இரவு 9.30.

இன்னொன்று, பலர் இதைத் தவறவிடுவார்கள். பெக்கேஜை நிறுத்திவிட்டு ரோமிங் டேட்டாவைத் திறந்தே விட்டால், போனில் ஏதாவது ஒரு ஆப் தானாகப் புதுப்பிக்கும்போது பெக்கேஜ் இல்லாத சாதாரண விலையில் வெட்டும். அந்த பில்லைப் பார்த்தால் 2,950 மலிவாகத் தெரியும். அதனால் டேட்டாவை அடைக்கும்படியும் கேளுங்கள். எஸ்எம்எஸ் வர அது தேவையில்லை.

இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"விடயம்: ரோமிங் டேட்டா பெக்கேஜின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தல்.
கைத்தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பில் கணக்கு இலக்கம்: ...
மார்ச் 5ஆம் திகதி 30 நாள் ரோமிங் டேட்டா பெக்கேஜ் ஒன்றைப் பெற்றேன். அதன் அடுத்த புதுப்பிப்பு ஜூலை 3. அதற்கு முன்னர் புதுப்பிப்பை நிறுத்துக.
எனது ரோமிங் இணைப்பை நீக்க வேண்டாம். வங்கி எஸ்எம்எஸ் பெறவும் அழைப்புகளுக்கும் அது தொடர வேண்டும். ரோமிங் டேட்டாவை மட்டும் அடைக்கவும்.
ஏப்ரல் 4, மே 4, ஜூன் 3 ஆகிய கட்டணங்கள் பற்றித் தனியாக முறைப்பாடு செய்கிறேன். அந்த நாட்களில் டேட்டா பாவனை எதுவும் இல்லை என்பதை உங்கள் பதிவில் பார்க்கலாம்.
இந்தக் கடிதத்துக்கு முறைப்பாட்டு இலக்கம் தரவும்."

கஷ்டப்பட்டு உழைப்பதைப் பற்றி எழுத வேண்டாம். உண்மைதான், ஆனால் அந்த வரியை வாசிக்கும் நேரத்தில் ஆள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். பில் வரும் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அண்ணா அனுப்பட்டும், கையெழுத்திட்ட பிரதியும் அடையாள அட்டைப் பிரதியும் இணைத்து.

மட்டக்குளி மச்சான்

சரி, சட்டத்தை விட்டுவிடுவோம். ஆனால் தூதரகத்தில் உறுதிப்படுத்த வேண்டாமா? என் மச்சினிக்குக் கேட்டார்கள்.

பழைய பில்லிங்காரன்

அது காணி விடயமாக இருக்கும். அட்டோர்னி அதிகாரம் கொடுப்பதற்கு அது வேண்டும். ஒரு பெக்கேஜை நிறுத்த நான் வேலை செய்த காலத்தில் கேட்டதில்லை. கிளைக்குக் கிளை வித்தியாசம் உண்டு, அதனால் மின்னஞ்சல்தான் நல்லது, திகதியோடு பதிவாகிவிடும். பதில் வராவிட்டால் மட்டும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழு, 1900. அங்கேயும் முதலில் நிறுவனத்துக்கு முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், அப்போது அந்த இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

வெள்ளவத்தைத் தம்பி

ஜூன் 28 அண்ணா அனுப்பினார். அடுத்த நாளே இலக்கம் வந்தது. ஜூலை 2 இரவு அண்ணாவும் நானும் முழித்திருந்தோம், புதுப்பித்த மெசேஜ் வரவில்லை. ஓடிபி வருகிறதா என்று ஒரு சின்னத் தொகை அனுப்பிப் பார்த்தார், வந்தது.

காசு விடயம் இன்னும் முடியவில்லை. ஜூன் கட்டணத்தை மட்டும் அடுத்த பில்லில் கழிப்பதாகச் சொல்கிறார்கள். ஏப்ரலும் மேயும், 'வாடிக்கையாளர் சம்மதித்த நிபந்தனை' என்று பதில். ஆப்பில் அந்தக் கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது என்று அண்ணா சொல்கிறார், ஸ்கிரீன்ஷாட் இல்லை.

பழைய பில்லிங்காரன்

மே மாதம் பெக்கேஜை நிறுத்தச் சொல்லி அழைத்தாரே, அந்த அழைப்பின் திகதியைக் கேட்டு எழுதுங்கள். அவர் சொன்னது புதுப்பிப்பைத்தான், அவர்கள் வெட்டியது ரோமிங்கை. மே 4க்கு முன் அழைத்திருந்தால் அந்தக் கட்டணத்துக்கும் வாதாடலாம். பின்னர் என்றால் கடினம். ஏப்ரல் வராது என்றே நினைக்கிறேன்.

வெள்ளவத்தைத் தம்பி

அண்ணா அழைத்தது மே 6. போனில் பதிவு இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, அந்த ஐடிடி பெக்கேஜை நான் நிறுத்தினேன் என்றேனே, இந்த மாதம் திரும்ப வெட்டியிருக்கிறான். அந்த எஸ்எம்எஸ் இன்னும் போனில் இருக்கிறது, அழிக்காமல் வைக்கவா?