கிளெய்சன் குறுக்கத்தில் எத்தாக்சைடு வினையூக்கி இல்லையா? விளைபொருள் 15 விழுக்காட்டுக்கு மேல் வரவில்லை

குடுவை:
எத்தில் அசிட்டேட்டிலிருந்து எத்தில் அசிட்டோஅசிட்டேட் தயாரிக்க முயன்று வருகிறேன். உலர்த்திய எத்தில் அசிட்டேட் 44 கிராம் (0.5 மோல்) எடுத்து, அதில் சோடியம் எத்தாக்சைடு 3.4 கிராம் (0.05 மோல்) சேர்த்து, நான்கு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்தேன். அசிட்டிக் அமிலத்தால் நடுநிலையாக்கிக் குறைந்த அழுத்தத்தில் வடித்தபோது 4.9 கிராம் கிடைத்தது. நேரம் போதவில்லை என்று நினைத்து மறுமுறை பன்னிரண்டு மணி நேரம் வைத்தேன், அப்போதும் 5.0 கிராம்தான். வினைவழிமுறையை எழுதிப் பார்த்தால், முதல் படியில் செலவாகும் எத்தாக்சைடு, எஸ்டரின் எத்தாக்சி தொகுதி வெளியேறும்போது அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. திரும்பி வரும் பொருள் வினையூக்கி என்பதால் பத்தில் ஒரு பங்கு போதும் என்று கணக்கிட்டேன். எங்கே தவறு? எங்களிடம் சோடியம் மெத்தாக்சைடு புதிதாக இருக்கிறது. அதற்கு மாறினால் பயன் இருக்குமா?

வடிதாள்:
காரம் குறைவு என்பதுதான் காரணம். எஸ்டர் மூலக்கூறுகள் எல்லாவற்றையும் முதலில் ஈனோலேட்டாக மாற்றினால்தான் அவை தாக்கும். ஆகவே 0.5 மோல் எஸ்டருக்கு 0.5 மோல் எத்தாக்சைடு போட வேண்டும்.

பழைய ஆய்வகத்தான்:
காரம் குறைவு என்பது சரி, ஆனால் வடிதாள் சொல்லும் காரணம் சரியல்ல. எத்தனாலின் pKa ஏறக்குறைய 16, எத்தில் அசிட்டேட்டின் ஆல்ஃபா ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 25. ஒன்பது அலகு வேறுபாடு இருக்கும்போது, எவ்வளவு எத்தாக்சைடு போட்டாலும் எந்த நொடியிலும் மிகச் சிறிய பகுதி எஸ்டர்தான் ஈனோலேட்டாக இருக்கும். எஸ்டர் முழுவதும் ஈனோலேட்டாக மாறிவிட்டால் அது தாக்குவதற்கு மாறாத எஸ்டரே எஞ்சாது என்பதையும் கவனியுங்கள்.

குடுவை, உங்கள் வினைவழிமுறை ஒரு படி முன்னதாகவே நின்றுவிடுகிறது. ஈனோலேட் இன்னொரு எஸ்டரின் கார்பனைலைத் தாக்கி, எத்தாக்சைடு வெளியேறி, பீட்டா கீட்டோஎஸ்டர் உருவாவது வரை நீங்கள் எழுதியது சரி. ஆனால் அந்த விளைபொருளில் இரண்டு கார்பனைல்களுக்கு இடையே உள்ள ஹைட்ரஜனின் pKa ஏறக்குறைய 11. வெளியேறிய எத்தாக்சைடு அதே குடுவையில் அந்த ஹைட்ரஜனைச் சந்தித்தவுடன் பறித்துக்கொண்டு எத்தனாலாகிவிடுகிறது. மொத்தக் கணக்கு இதுதான்:

```
2 CH3COOC2H5 + NaOC2H5 → Na[CH3COCHCOOC2H5] + 2 C2H5OH
```

ஒரு மூலக்கூறு விளைபொருளுக்கு ஒரு எத்தாக்சைடு நிலையாகச் செலவாகிறது. உருவாகும் அசிட்டோஅசிட்டேட் உப்பு புதிய எஸ்டரிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க முடியாத அளவுக்கு வலுவற்ற காரம் என்பதால், அதனால் அடுத்த சுற்றைத் தொடங்க இயலாது. உங்கள் 0.05 மோல் காரத்தால் அதிகபட்சம் 0.05 மோல், அதாவது 6.5 கிராம் விளைபொருள்தான் வர முடியும். நீங்கள் பெற்ற 5.0 கிராம், எஸ்டரை வைத்துப் பார்த்தால் 15 விழுக்காடு. காரத்தை வைத்துப் பார்த்தால் 77 விழுக்காடு. உண்மையில் நீங்கள் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். வேகம் குறைவாக இருந்திருந்தால் எட்டு மணி நேரக் கூடுதலில் அளவு கூடியிருக்கும். அது கூடவில்லை என்பதே காரம் தீர்ந்துவிட்டதற்கான அடையாளம்.

குடுவை:
புரிகிறது. ஆனால் கடைசிப் படி வெறும் பக்கச் செலவுதானே? விளைபொருள் உருவான பிறகு நடப்பது அது. அந்தச் செலவைத் தவிர்க்க வழி இருந்தால் குறைந்த காரமே போதுமல்லவா?

பழைய ஆய்வகத்தான்:
அப்படித் தவிர்த்தால் விளைபொருளும் போய்விடும். நடுநிலையான கீட்டோஎஸ்டர் உருவாகும் வரையிலான படிகள் அனைத்தும் மீள்வினைகள். அவற்றின் சமநிலை எஸ்டரின் பக்கமே சாய்ந்திருக்கிறது. எத்தாக்சைடு கீட்டோன் கார்பனைலைத் தாக்கினால் கார்பன் பிணைப்பு பிளந்து இரண்டு எஸ்டராகத் திரும்பிவிடும். 11-க்கும் 16-க்கும் இடையிலான ஐந்து அலகு வேறுபாடுதான் இறுதிப் படியை நூறாயிரம் மடங்கு முன்னோக்கி இழுக்கிறது.

நீலத்தாள்:
என்னுடைய பிரச்சினையும் இதுவாக இருக்குமோ? எத்தில் ஐசோபியூட்டிரேட்டுடன் சோடியம் எத்தாக்சைடைச் சரியான அளவிலும், பிறகு இரு மடங்காகவும் போட்டுப் பார்த்தேன். எஸ்டர் ஏறக்குறைய முழுவதும் அப்படியே திரும்பக் கிடைக்கிறது. மூன்று மடங்கு போடலாமா?

பழைய ஆய்வகத்தான்:
பத்து மடங்கு போட்டாலும் நடக்காது. நான் மேலே சொன்னதற்கு உங்கள் சோதனையே சான்று. உங்கள் எஸ்டரில் ஓர் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருப்பதால் ஈனோலேட் உருவாகிறது, தாக்குதலும் நடக்கலாம். ஆனால் விளைபொருளில் இரண்டு கார்பனைல்களுக்கு இடையே உள்ள கார்பனில் இரண்டு மெத்தில் தொகுதிகள் அமர்ந்துவிடுகின்றன; பறிப்பதற்கு அங்கே ஹைட்ரஜன் இல்லை. ஆகவே சமநிலை உங்களை எஸ்டருக்கே திருப்பி அனுப்புகிறது. டிரைபீனைல்மெத்தில் சோடியம் போன்ற மிக வலுவான காரத்தால்தான் இந்த எஸ்டரைக் குறுக்க முடிந்திருக்கிறது.

வடிதாள்:
என் விளக்கத்தைத் திருத்திக்கொள்கிறேன். அப்படியானால் 0.5 மோல் எஸ்டருக்கு 0.25 மோல் காரம் போதும், ஏனென்றால் விளைபொருள் 0.25 மோலுக்கு மேல் வர முடியாது. என் கணக்கு இருமடங்காக இருந்தது.

பழைய ஆய்வகத்தான்:
ஆம். "ஒரு சமான அளவு" என்று புத்தகங்கள் எழுதும்போது அது விளைபொருளுக்கா எஸ்டருக்கா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; நானும் ஒருமுறை இதில் தடுமாறியிருக்கிறேன். நடைமுறையில் எஸ்டரை மிகுதியாக எடுத்துக் காரத்தை அளவாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மிகுதி எஸ்டர் கரைப்பானாகவும் பயன்படும், பிறகு எளிதில் வடித்தும் எடுக்கலாம்.

மெத்தாக்சைடைப் பற்றி: அது எத்தில் எஸ்டரின் கார்பனைலைத் தாக்கி எத்தாக்சைடை வெளியேற்றும். முடிவில் மெத்தில், எத்தில் அசிட்டோஅசிட்டேட் இரண்டும் கலந்து கிடைக்கும். கொதிநிலைகள் நெருங்கியவை என்பதால் பிரிப்பது சலிப்பூட்டும் வேலை. ஆல்காக்சைடும் எஸ்டரின் ஆல்கஹால் பகுதியும் ஒன்றாக இருந்தால் இந்தப் பரிமாற்றம் நடந்தாலும் பொருள் மாறுவதில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு இன்னும் மோசம். அது எஸ்டரைச் சோடியம் அசிட்டேட்டாக நீராற்பகுக்கும், அது திரும்பி வராது. ஈரம் புகுந்த எத்தாக்சைடும் இதையே செய்யும்.

நீலத்தாள்:
பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடு பருமனானது, கார்பனைலைத் தாக்காது என்று படித்தேன். அதை எல்லா எஸ்டருக்கும் பொதுவாகப் பயன்படுத்தலாமே?

வடிதாள்:
நான் அதை ஒரு மெத்தில் எஸ்டரில் பயன்படுத்தியபோது மூவிணைய பியூட்டில் எஸ்டர் சிறிதளவு வந்தது. பரிமாற்றம் மெதுவாகிறது, நின்றுவிடுவதில்லை. வெளியேறும் மெத்தாக்சைடும் கலவையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

குடுவை:
மீண்டும் செய்தேன்: எத்தில் அசிட்டேட் 88 கிராம், எத்தாக்சைடு 17 கிராம் (0.25 மோல்). 18 கிராம் விளைபொருள் வந்தது. ஒரு துளியுடன் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் அடர்ந்த செவ்வூதா நிறம் தருகிறது. காரத்தை வைத்துக் கணக்கிட்டால் 55 விழுக்காடு. முதல் முறை 77 வந்தபோது இப்போது ஏன் குறைந்தது என்று தெரியவில்லை. இடையில் எத்தாக்சைடு புட்டியைப் பலமுறை திறந்தேன். தூள் இப்போது பழுப்பேறியிருக்கிறது.

பழைய ஆய்வகத்தான்:
பழுப்பேறிய தூளை நம்ப வேண்டாம். எடை 17 கிராமாக இருந்தாலும் அதில் எத்தாக்சைடு எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை எடை சொல்லாது. ஆனால் அதுவே முழுக் காரணம் என்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்; அளவு பெருகும்போது நடுநிலையாக்கத் தாமதம் ஆனால், காரத்தன்மையிலேயே தண்ணீர் பட்டு விளைபொருள் நீராற்பகுப்பாகியிருக்கவும் கூடும். உலர்ந்த எத்தனாலில் சோடியத்தைக் கரைத்து அப்போதே எத்தாக்சைடு தயாரித்து, கரைப்பானை முழுவதும் வடித்துவிட்டு, வேறு எதையும் மாற்றாமல் ஒருமுறை செய்து பாருங்கள். எண் உயர்ந்தால் குற்றவாளி புட்டி; உயராவிட்டால் நடுநிலையாக்கும் படியைப் பார்க்க வேண்டும்.