காலி கிரேட் டெபாசிட்: 120 திருப்பி அனுப்பினோம், 108 தான் வந்தது என்கிறார்கள்

கடலூர் மொத்த வியாபாரி:
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் குளிர்பானம், பழச்சாறு விநியோகம் செய்கிறேன். புதுச்சேரி சப்ளையர் ஒருவரிடம் 120 பிளாஸ்டிக் கிரேட்டுகளுக்கு, ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் 36,000 டெபாசிட் கட்டியிருந்தேன். அவரிடம் கொள்முதலை நிறுத்திவிட்டதால், அவருடைய வண்டியிலேயே காலி கிரேட்டுகளைத் திருப்பி அனுப்பினேன். மே 6 அன்று 48, மே 14 அன்று 40, மே 23 அன்று 32. மூன்று சலானிலும் டிரைவர் கையெழுத்து இருக்கிறது.

இப்போது லெட்ஜர் நகல் அனுப்பியிருக்கிறார்கள். அதில் மே 6க்கு 48, மே 15க்கு 28, மே 23க்கு 32. மே 14 என்ற தேதியே இல்லை. போதாததற்கு 9 கிரேட் உடைந்திருந்தன என்று கழித்து, 99க்கான 29,700 மட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது?

நெல்லிக்குப்பம் கடைக்காரர்:
டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் அல்லவா, அத்துடன் முடிந்தது. டெபாசிட்டுக்குக் கட்டிய ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

வில்லியனூர் கணக்காளர்:
ஜிஎஸ்டி பேச்சை எடுக்க வேண்டாம் ஐயா. திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டை விற்பனைத் தொகையாகச் சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே வரி வாங்கியிருக்கமாட்டார்கள். டெபாசிட் ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டிரைவர் கையெழுத்து, உங்கள் குடோனில் 40 ஏறியது என்பதற்குச் சாட்சி. நல்ல சாட்சிதான். ஆனால் ரசீதின் பின்புறம் ‘எங்கள் குடோனில் எண்ணியதே இறுதி’ என்று அச்சிட்டிருந்தால், அதையே பிடித்துக்கொள்வார்கள். முதலில் அதைப் படியுங்கள்.

மே 14 காணாமல் போனதைப் பற்றிக் கவலை வேண்டாம். மாலையில் ஏற்றிய லோடு மறுநாள் காலை கேட்டில் இறங்கினால், இறங்கிய தேதியைத்தான் எழுதுவார்கள். தேதியை வைத்து ஒப்பிட்டால் கணக்கு ஒருநாளும் பொருந்தாது. சலான் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

மூன்று நடையில் இரண்டு சரியாக இருந்து, ஒன்றில் மட்டும் 12 குறைகிறது. அந்த வண்டி வழியில் வேறு கடையில் காலி ஏற்றியதா?

சிப்காட் ஸ்டோர் கீப்பர்:
எங்கள் தொழிற்சாலையில் மரப் பேலட்டுக்கும் இதே தொல்லைதான். நாள் வாடகை என்பதால், கேட்டில் பதிவாகும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தள்ளிப் பதிந்தாலும் எங்களுக்கு நஷ்டம். உங்களுக்கும் வாடகை போடுகிறார்களா?

கடலூர் மொத்த வியாபாரி:
வாடகை இல்லை அண்ணா, டெபாசிட் மட்டும்தான். ரசீதில் ‘எண்ணியதே இறுதி’ என்ற வாசகமும் இல்லை. டிரைவரிடம் கேட்டேன். அன்று கிருமாம்பாக்கத்தில் ஒரு கடையில் 25 காலி கிரேட் ஏற்றினாராம்.

வில்லியனூர் கணக்காளர்:
அப்படியானால் விடை அங்கேதான் இருக்கிறது. கேட்டில் வண்டிக்கு ஒரே எண்ணிக்கையாக எழுதுவார்கள். யாருடையது எத்தனை என்று பிறகு அலுவலகத்தில் சலானைப் பார்த்துப் பிரிப்பார்கள், அங்கேதான் புரளும். மே 15 கேட் பதிவேட்டில் அந்த வண்டிக்கு 65 என்று இருந்தால், உங்கள் 40 முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. 53 என்று இருந்தால், வழியில்தான் குறைந்திருக்கிறது. வண்டி அவர்களுடையது, பதிலும் அவர்களே சொல்ல வேண்டும்.

தொலைபேசியில் பேசாமல், மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்:

“மே 6, 14, 23 தேதிகளில் உங்கள் வண்டியில் 48, 40, 32 என மொத்தம் 120 காலி கிரேட்டுகளை ஒப்படைத்தோம். சலான் நகல்கள் இணைப்பில். மே 14 லோடு உங்கள் லெட்ஜரில் மே 15இல் 28 என்று பதிவாகியுள்ளது. அன்றைய வண்டியின் கேட் பதிவு நகலை அனுப்பி, விடுபட்ட 12ஐ எங்கள் கணக்கில் சேர்க்கவும். உடைந்ததாகச் சொல்லும் 9 கிரேட்டுகள் எந்த நடையில் வந்தவை என்பதையும் படத்துடன் தெரிவிக்கவும். டெபாசிட் 36,000 ரூபாயைத் திருப்பித் தரவும்.”

மூன்று எண்ணையும் மூன்று தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். ‘120 கொடுத்தோம்’ என்று மட்டும் எழுதினால் ‘108 வந்தது’ என்றுதான் பதில் வரும்.

கடலூர் மொத்த வியாபாரி:
பதில் வந்துவிட்டது. கேட் பதிவில் 65 இருக்கிறது. என் கணக்கில் 28, கிருமாம்பாக்கம் கடை கணக்கில் 37 என்று பிரித்திருக்கிறார்கள். 12ஐத் திருத்தி, 111க்கு 33,300 ரூபாய் வங்கியில் போட்டுவிட்டார்கள். மிக்க நன்றி ஐயா. உடைந்த 9க்கு மட்டும் படம் அனுப்பவில்லை, 2,700 நிற்கிறது.

நெல்லிக்குப்பம் கடைக்காரர்:
அந்த 9க்கு விற்பனை பில் கேளுங்கள். பணத்தை எடுத்துக்கொண்டால் வரியோடு பில் தந்தாக வேண்டும்.

வில்லியனூர் கணக்காளர்:
கிரேட்டை விற்றதாகக் கணக்கு வைத்தால் நீங்கள் சொல்வது சரி. உடைத்ததற்கு இழப்பீடு என்றால் வரி இல்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆடிட்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. அதற்கு முன்னால், உடைந்தது எங்கே என்பதைக் கேட்க வேண்டும். ஏற்றும்போது டிரைவர் சலானில் ‘உடைசல்’ என்று எழுதினாரா?

கடலூர் மொத்த வியாபாரி:
மூன்று சலானிலும் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. அதையே எழுதி, நகலோடு இன்று மறுபடி அனுப்புகிறேன்.