புதுப்பிப்பு: ஜிபியூவில் மொத்தம் மாறுவது ஏன்?

ஜிபியூவில் நிறைய எண்களைக் கூட்டுவது பற்றி இங்கே நான் கேட்டிருந்த கேள்வி: "அதே தரவு, அதே கார்டு. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மொத்தத்தின் கடைசி இலக்கங்கள் மாறுகின்றனவே?"

பதிலில் உட்லண்ட்ஸ் அண்ணன் சொன்ன `atomicAdd`தான் காரணம். ஒவ்வொரு பிளாக்கும், அதாவது சேர்ந்து ஓடும் த்ரெட்களின் குழுவும், தன் தொகையை அதன் வழியாகத்தான் ஒரே மொத்தத்தில் சேர்க்கிறது. முதலில் முடிக்கும் பிளாக் முதலில் கூட்டுகிறது. அந்த வரிசை நிலையானதல்ல; வரிசை மாறினால் ரவுண்டிங்கும் மாறும். `float`-இல் 16777216 உடன் 1-ஐ ஒவ்வொன்றாக இருமுறை கூட்டினால் 16777216-ஆகவே நிற்கும். இரண்டு 1-ஐ முதலில் சேர்த்துவிட்டுக் கூட்டினால் 16777218!

`double` போடச் சொன்னவருக்கு: வித்தியாசம் சுருங்கியது, போகவில்லை.

இப்போது ஒவ்வொரு பிளாக்கும் தன் தொகையைத் தனி இடத்தில் எழுதுகிறது. அப்புறம் அவற்றை எப்போதும் ஒரே வரிசையில் கூட்டுகிறேன். பிட் மாறாமல் வருகிறது. பிளாக் அளவை மாற்றினால் மட்டும் விடை லேசாக நகர்கிறது. எதைச் 'சரியான' மொத்தம் என்பது? ஆபீஸில் இன்னும் வாதம்தான்.