‘இங்க் கவரேஜ்’ தமிழில்: மைப்பரப்பா, மைப்பிடிப்பா?

கோபியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நெசவாளர் சங்கம் ஒன்றின் பழைய தீர்மானப் புத்தகங்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். இருபக்கமும் எடுக்கும் ஸ்கேனர். 206 தாள் போட்டால் 412 பக்கம் வருகிறது. பாதிக்கு மேல் பின்பக்கம் வெறுமைதான். ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு மை இருக்கிறது என்று அளந்து, மிகக் குறைவாக இருப்பதைக் கழித்துவிடலாம் என்று திட்டம். உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு செய்முறைக் குறிப்பு எழுதுகிறேன். அதில் ‘இங்க் கவரேஜ்’ என்பதற்கு என்ன போடுவது? மைப்பரப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். மனது ஒப்பவில்லை.

திருப்பூரிலிருந்து:

பிரிண்டிங் பட்டறையில் இருபது வருசமாக இருக்கிறேன். நாங்கள் கவரேஜ் என்றுதான் சொல்கிறோம். தமிழ்தான் வேண்டுமென்றால் சாயப்பட்டறையில் சாயப்பிடிப்பு என்பதுபோல மைப்பிடிப்பு என்று வைக்கலாமுங்க. வேலைக்கும் சுலபமான வழி இருக்கிறது. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் இதைக் கொடுங்கள்:

```
gs -q -o - -sDEVICE=inkcov puthagam.pdf
```

ஒரு பக்கத்துக்கு ஒரு வரி வரும். நான்கு நிறத்துக்கு நான்கு எண். நான்கும் பூச்சியம் என்றால் அது வெற்றுப்பக்கம், தூக்கிவிடலாம். இதற்குப் போய் அளவுகோல் எதற்கு?

கோபியிலிருந்து:

அண்ணா, ஓட்டிப் பார்த்தேன். 412 பக்கத்தில் ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை. கறுப்புக்கான கடைசி எண், எழுதிய பக்கத்துக்கு 0.99, ஒன்றுமே எழுதாத பக்கத்துக்கு 0.98.

கோவையிலிருந்து:

அப்படித்தான் வரும். திருப்பூர் அண்ணன் சொன்னது கணினியிலேயே தட்டிய பிடிஎஃப்புக்குச் சரி. அதில் வெள்ளை என்றால் சுத்த வெள்ளை. ஸ்கேனில் தாளே பழுப்பு. `inkcov` ஒரு புள்ளியில் துளி நிறம் இருந்தாலும் ‘மை இருக்கிறது’ என்று ஒன்று எண்ணிவிடும், எவ்வளவு என்று பார்க்காது. அதனால் தாளின் பழுப்பு முழுவதும் மையாகிவிட்டது. அடிக்கோடு சேர்த்த `ink_cov` என்று இன்னொன்று உண்டு. அது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கனம் என்று பார்த்துக் கூட்டும். ஆகவே நமக்குத் தேவை ஒரு சொல் அல்ல, இரண்டு. எவ்வளவு இடத்தில் மை இருக்கிறது என்பதற்கு மைப்பரவல், எவ்வளவு கனமாக என்பதற்கு மையடர்வு. மைப்பிடிப்பு வேண்டாம். பிடிப்பு என்றால் துவைத்தாலும் போகாமல் நிற்பது. இங்கே யாரும் துவைக்கவில்லை.

கனம் பார்த்தாலும் பழுப்பு போகாது. முதலில் படத்தைச் சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை என்று இரண்டாகப் பிரித்துவிட்டு எண்ண வேண்டும்.

திருப்பூரிலிருந்து:

பிடிப்பை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பரவல் கூடவே கூடாது. தாளில் மை ஊறி எழுத்து தடித்துப்போவதைத்தான் பட்டறையில் மை பரவிவிட்டது என்போம். அதற்கு அம்மணி எழுதிய மைப்பரப்பே தேவலை.

தாராபுரத்திலிருந்து:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். மையை மிச்சப்படுத்தும் வழி என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன், என் பிரிண்டர் மாதம் ஒரு கார்ட்ரிட்ஜ் தின்கிறது. அது இல்லை என்று பாதியில்தான் புரிந்தது. இருந்தாலும் இரண்டு வார்த்தை. தாள் வேறு, பக்கம் வேறு. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். இருபுறமும் வெறுமையாக இருந்தால்தான் வெற்றுத்தாள். ஒருபுறம் மட்டும் என்றால் வெற்றுப்பக்கம். குறிப்பில் கலந்து எழுதினால் பிள்ளைகள் எழுதிய புறத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள். அப்புறம், எங்கள் பூமிப் பத்திரக் கட்டில் ஒரு பக்கம் முழுக்க வெறுமை, மூலையில் மட்டும் பக்க எண்ணும் பென்சில் கையெழுத்தும் இருக்கும். அதை உங்கள் இயந்திரம் என்ன செய்யும்?

கோவையிலிருந்து:

ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்து, ஓரத்து நிழல் போக நான்கு புறமும் 120 புள்ளி, அதாவது ஒரு சென்டிமீட்டர், வெட்டினால் சுமார் 73 லட்சம் புள்ளி மிஞ்சும். பேனாவால் எழுதிய ஈரிலக்கப் பக்க எண்ணுக்குச் சுமார் 1,400 கறுப்புப் புள்ளி. மைப்பரப்பு 0.0002. இனி ஒன்றும் எழுதாத பழைய பக்கம். தூசியும் பூஞ்சைப் பொட்டும் ஒரு 300 இருக்கும், பொட்டுக்கு ஐந்து புள்ளி வைத்தால் 1,500. அதுவும் 0.0002. அளவு ஒன்றே. எங்கே கோடு போட்டாலும் இரண்டும் சேர்ந்துதான் நிற்கும், சேர்ந்துதான் போகும்.

வேறுபாடு மையின் அளவில் இல்லை, அது கூடியிருப்பதில் இருக்கிறது. பக்கத்தைப் பத்துக்குப் பத்து என்று நூறு கட்டமாக்கி, அதிக மை உள்ள ஒரே கட்டத்தை மட்டும் பாருங்கள். ஒரு கட்டத்துக்குச் சுமார் 73,000 புள்ளி. பக்க எண் விழுந்த கட்டத்தில் 0.019 வரும். தூசி சிதறிக் கிடப்பதால் கட்டத்துக்கு மூன்று பொட்டு, 0.0002. கிட்டத்தட்ட நூறு மடங்கு வித்தியாசம். எண் நான்கு கட்டம் கூடும் மூலையில் விழுந்து சிதறினாலும் 0.005க்குப் பக்கம் நிற்கும். நான் 0.003இல் கோடு போடுவேன். இமேஜ்மேஜிக்கில் ஒரு பக்கத்துக்கு இப்படிக் கொடுங்கள்:

```
magick p037.png -shave 120x120 -colorspace Gray \
  -threshold 55% -negate -scale '10x10!' \
  -format '%[fx:maxima]\n' info:
```

இதற்குக் கட்ட உச்சம் என்று பெயர் வைக்கலாம்.

ஐயாவின் பென்சில் கையெழுத்து மட்டும் சிக்கல். 55%இல் வெளிறிய பென்சில் வெள்ளையாகிவிடும். 75%க்கு ஏற்றினால் பென்சில் நிற்கும், மறுபக்கத்து மை ஊடு தெரிவதும் கூடவே வரும்.

கோபியிலிருந்து:

ஓட்டினேன். 190 பக்கம் கோட்டுக்குக் கீழே வந்தது. அழிக்காமல் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, சின்னப் படங்களாக வரிசை கட்டிப் பார்த்தோம். இரண்டில் பென்சில் இருந்தது, திரும்ப எடுத்துக்கொண்டோம். நேர்மாறாக, ஃபைலில் கோத்த தாள்களின் வெற்றுப்பக்கம் ஒன்றுகூடக் கீழே வரவில்லை. துளை கறுப்பாக விழுந்து, கட்ட உச்சம் 0.05.

கோவையிலிருந்து:

துளையின் நடுப்புள்ளி ஓரத்திலிருந்து 12 மில்லிமீட்டரில் இருக்கும், அகலம் 6. ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் துளையின் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். துளை உள்ள புறத்தில் மட்டும் 200 புள்ளி வெட்டுங்கள். அந்தப் புறத்தில் பக்க எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

கோபியிலிருந்து:

சரி. இனி சொல்லுக்கு வருவோம். மைப்பரப்பு, மையடர்வு, கட்ட உச்சம், வெற்றுப்பக்கம் நான்கையும் எழுதிவிட்டேன். ‘திரெஷோல்டு’தான் உதைக்கிறது. எந்த வெளிச்சத்துக்குக் கீழே ஒரு புள்ளி மை ஆகிறது என்பதற்கும் அதே சொல், எந்த அளவுக்குக் கீழே பக்கத்தை ஒதுக்குவது என்பதற்கும் அதே சொல். எங்கள் பிள்ளை ஒருவன் 0.003 போட வேண்டிய இடத்தில் 55 போட்டு 412 பக்கத்தையும் ஒதுக்கிவிட்டான். முதலாவதுக்கு வெளிர் எல்லை, இரண்டாவதுக்குக் கழிவெல்லை என்று வைக்கட்டுமா?

திருப்பூரிலிருந்து:

கழிவெல்லை என்றால் எங்கள் ஊரில் சாயக்கழிவு ஞாபகம்தான் வரும், வேண்டாமுங்க. ஒதுக்கெல்லை?

தாராபுரத்திலிருந்து:

கழித்தல் நல்ல தமிழ். கணக்குப் பாடத்தில் அதைத்தானே சொல்லிக்கொடுத்தோம். நான் கழிவெல்லைக்கே வாக்கு.

கோபியிலிருந்து:

இரண்டுக்கும் ஆள் இருப்பதால் குறிப்பில் இப்போதைக்கு ‘0.003 எல்லை’ என்று எண்ணோடு சேர்த்தே எழுதிவிடுகிறேன். அடுத்த கட்டு மஞ்சள் மண்டிச் சீட்டுகள், முழுக்க மஞ்சள் கறை. சாம்பலாக்காமல் சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்தால் மஞ்சள் வெளுத்துவிடுகிறது, ஆனால் சிவப்பு மையில் போட்ட டிக்கும் கூடப் போய்விடுகிறது. பச்சை அடுக்கில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?